லண்டன் கடிகாரத்துக்குப் பத்து மணி

எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் கல்யாணமான முதல் ஐந்தாறு வருஷத்தில் நடந்த சண்டைகளில் பாதி, கடிதம் எழுதுவதைப் பற்றித்தான். மற்றவர்கள் வீட்டில் உப்புக்கும் புளிக்கும் சண்டை வரும். எங்கள் வீட்டில் ஒரு இங்கிலீஷ் வாக்கியத்துக்கு வரும். மதுரையில் கான்வென்ட் ஹாஸ்டலில் இருந்து படித்தவள் நான், டைப்பும் பழகியிருந்தேன். அவருக்கு இங்கிலீஷில் எண்களும், கிழமைகளின் பெயர்களும், மூட்டையில் அச்சடிக்கிற நாலைந்து சொற்களும் தெரியும். ஆனாலும் கடிதம் என்னவோ அவர் சொல்கிறபடிதான் போகும். நான் முறுக்கிக்கொண்டு நிற்பேன். கடைசியில் அவர் சொன்னதைத்தான் டைப் அடிப்பேன், ஏனென்றால் அவர் சொன்னது சரியாக இருக்கும். அந்த எரிச்சல் எனக்கு நெடுநாள் இருந்தது. இப்போது நினைத்தால் பெருமையாக இருக்கிறது.

எங்களுடையது ஏலக்காய் வியாபாரம். கம்பத்தில் அவருடைய அண்ணன் பெரிய மண்டி வைத்திருந்தார். குமுளி மலையிலிருந்து இறங்குகிற காயை வாங்கி, பம்பாய் வியாபாரிகளுக்கு அனுப்புவார். பம்பாய்க்காரர்கள் அதைக் கப்பலேற்றி வெள்ளைக்காரனுக்கு விற்பார்கள். என் வீட்டுக்காரர் அந்த மண்டியில் அண்ணனுக்குக் கீழே இருந்தவர். உலகச் சண்டைக்காலம் முடிந்ததும், நாமே ஏன் நேராகச் சீமைக்கு எழுதக் கூடாது என்று கேட்டார். அண்ணனுக்கு அது பிடிக்கவில்லை. பேச்சு வளர்ந்து, பெரியவர்கள் உட்கார்ந்து, கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். தம்பி தேனியில் தனிக்கடை போட்டுக்கொள்ளலாம். தை பிறப்பதற்குள் சீமையில் ஒரு ஆளையாவது நேராகப் பிடித்துவிட வேண்டும். இல்லையென்றால் கடையைப் பூட்டிவிட்டு, மறுபேச்சுப் பேசாமல் அண்ணன் மண்டிக்கே திரும்பிவிட வேண்டும். இவர் சாமி முன்னால் சரியென்று சொல்லிவிட்டு வந்தார். சுதந்திரம் வந்ததற்கு அடுத்த வருஷம் அது.

அல்லிநகரம் போகிற பாதையில் ஒரு ஓட்டுக் கட்டடத்தின் முன்பகுதியில் கடை. பின்பகுதியில் நாங்கள். கடையில் ஒரு தராசு, ஒரு பழைய டைப்ரைட்டர், நிறைய நம்பிக்கை. கொச்சியில் இருந்த ஒரு தரகர் மூலமாக லண்டனில் வாசனைச் சரக்கு வாங்குகிற மூன்று கம்பெனிகளின் விலாசம் கிடைத்தது. மூன்றுக்கும் கடிதம் போட்டோம். சிறிய தகர டப்பாக்களில் மாதிரிக் காயும் அனுப்பினோம். ஆடி போய் ஆவணியும் போயிற்று. இரண்டு கம்பெனிகளிடமிருந்து மூச்சே இல்லை. புரட்டாசியில் மூன்றாவது கம்பெனி பதில் போட்டது. காய் பிடித்திருக்கிறது, ஆனால் முன்பின் தெரியாத இடத்தில் கடிதத்தை மட்டும் நம்பி வாங்க யோசனையாக இருக்கிறது, ஒரு தடவை டெலிபோனில் பேச முடிந்தால் நல்லது, எப்போது என்று எழுதுங்கள் என்று அதன் முதலாளி கையெழுத்துப் போட்டிருந்தார்.

எனக்குத் தரையில் கால் பாவவில்லை. உடனே உட்கார்ந்து நாலு வரி அடித்தேன். தங்களோடு பேசக் கிடைத்தது எங்கள் பாக்கியம், தங்களுக்குச் சௌகரியமான எந்த நாளிலும் எந்த நேரத்திலும் நாங்கள் தயார் என்று. கான்வென்டில் சொல்லிக்கொடுத்த மரியாதையெல்லாம் அதில் இருந்தது. வாசித்து அர்த்தம் சொன்னேன். அவர் தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

“எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா இதப் படிச்சுட்டு அவர் என்ன செய்வாரு?”

“என்ன செய்வாரு, ஒரு நாளச் சொல்லுவாரு.”

“எந்த நாளு? நம்ம ஊர்ல போன் எப்பக் கிடைக்கும்னு அவருக்குத் தெரியுமா? அவர் ராத்திரி எட்டு மணின்னு எழுதுவாரு, இங்கன அது நடுச்சாமம் தாண்டிப் போயிரும். நாம முடியலன்னு எழுதுவோம். அவர் வேற மணி எழுதுவாரு. இப்படியே கடுதாசி போய் வந்துட்டு இருந்தா தை என்ன, பங்குனியே வந்துரும்.”

“அப்ப நம்ம நேரத்துக்கு மூணு மணின்னு எழுதிருவோம். அவுக கணக்குப் போட்டுக்கிறட்டும்.”

“அவர் எதுக்குப் போடணும்? சரக்கு விக்கிறது நாம. விரல மடக்குறது நாமளா இருக்கட்டும்.”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இங்கிலீஷ் படித்தது நானா அவரா என்று கேட்டுவிட்டேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். கோபித்துக்கொண்டு போகிறார் என்று நினைத்தேன். அவர் போனது பக்கத்தில் இருந்த பருத்தி அரவை மில்லுக்கு. அங்கேதான் டெலிபோன் இருந்தது. மில் மானேஜர் நல்ல மனிதர். எப்போதாவது ஒரு கால் பேச விடுவார். அந்தப் போனில் மதுரை டிரங்க் ஆபீஸைக் கூப்பிட்டு, சீமைக்குப் பேச எந்தெந்த நேரத்தில் லைன் கிடைக்கும் என்று இவர் விசாரித்திருக்கிறார். இங்கிருந்து மதுரை, மெட்ராஸ், பம்பாய் வரைக்கும் கம்பியில் போய், அங்கிருந்து ரேடியோவில் கடலைத் தாண்ட வேண்டும். மத்தியானத்துக்கு மேல் கிடைக்கும் என்றும், லண்டன் நமக்கு நாலரை மணி நேரம் பின்தங்கி இருக்கிறது என்றும் சொல்லியிருக்கிறார்கள்.

வந்து என் எதிரில் உட்கார்ந்து யோசித்து யோசித்துச் சொன்னார். திங்கட்கிழமை வேண்டாம், இரண்டு நாள் தபால் அவர் மேசையில் குவிந்து கிடக்கும். சனிக்கிழமை அரை நாள், அதுவும் வேண்டாம். காலையில் ஆபீஸுக்கு வந்ததும் வேண்டாம். வந்தவர் தொப்பியைக் கழற்றி, தபாலைப் பிரித்து, ஒரு டீ குடிக்கட்டும். பத்து மணி. அவருடைய கடிகாரத்துக்குப் பத்து மணி. கடிதம் போய்ச் சேர ஒரு வாரம், அவர் யோசிக்க ஒரு வாரம், நாம் லைன் பதிய இன்னும் சில நாள். ஆகவே தீபாவளி கழிந்த வாரம் செவ்வாய்க்கிழமை அல்லது வியாழக்கிழமை.

“ரெண்டு நாளச் சொல்லு. தேதியையும் கிழமையையும் சேத்து எழுது. ரெண்டுக்கும் லண்டன் நேரம் பத்துன்னு போடு. நாங்களே கூப்பிடுறோம், நீங்க எதுவும் செய்ய வேண்டாம்னு சொல்லு. கிழமை பேர மட்டும் ஒத்தச் சொல்லாத் தந்தி அடிச்சாப் போதும்னு சொல்லு. ரெண்டும் ஆகலன்னா அவருக்குத் தோதான மணிய அவர் நேரத்துலயே சொல்லட்டும், நாம மாத்திக்கிறுவோம்.”

அடித்தேன். அரைப் பக்கம்கூட வரவில்லை. என்னுடைய பாக்கியமும் சௌகரியமும் ஒன்றும் அதில் இல்லை. ஆனால் அதை வாசித்தபோது, லண்டனில் ஒரு மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிற அந்த மனிதர் கண்ணில் தெரிந்தார். அவர் செய்ய வேண்டியது ஒரே ஒரு காரியம், ஒரு கிழமையைத் தேர்ந்தெடுப்பது. மற்ற எல்லாவற்றையும் தேனியில் ஒருவர் செய்து முடித்துவிட்டார். அந்த நிமிஷம் இவரை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. சொல்லவில்லை, சொன்னால் தலையில் ஏறி உட்கார்ந்துவிடுவார்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஒரு நாள் நனைந்துகொண்டே தந்திச் சேவகர் வந்தார். உறையைப் பிரித்தால், முகவரிக்குக் கீழே இங்கிலீஷில் ஒரே சொல்: வியாழன். இவர் அந்தச் சொல்லை எழுத்துக் கூட்டித் தானே படித்தார். பிறகு சிரித்தார். மில்லுக்குப் போய், வியாழக்கிழமை இரண்டரை மணிக்கு லண்டனுக்கு ஒரு கால் என்று பதிந்துவிட்டு வந்தார். பத்தோடு நாலரையைக் கூட்டினால் இரண்டரை. கணக்கில் ஒரு பிழையும் இல்லை.

தீபாவளிக்கு மறுநாள் திங்கட்கிழமை. சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தவர் திடீரென்று கேட்டார்.

“சண்டைக்காலத்துல நம்ம கடியாரத்த ஒரு மணி முன்னால தள்ளி வச்சாகல்ல, ஞாபகம் இருக்கா?”

இல்லாமல் என்ன. சர்க்கார் உத்தரவு போட்டு நாடு முழுவதும் மணியை மாற்றியிருந்த காலம் அது. எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் மாற்றவே இல்லை. யாரிடம் மணி கேட்டாலும், பழைய நேரமா புது நேரமா என்று திருப்பிக் கேட்பார்கள். பஸ் புது நேரத்துக்குப் போகும், கோயிலில் மணி பழைய நேரத்துக்கு அடிப்பார்கள். குச்சனூர்க் கோயிலுக்கு ஒரு சனிக்கிழமை நாங்கள் புது நேரத்துக்குப் போய், நடை திறக்காமல் ஒரு மணி நேரம் வெயிலில் நின்றிருக்கிறோம்.

“அதுக்கு என்ன இப்போ?”

“நமக்குச் சண்ட முடிஞ்சதும் பழைய நேரம் வந்துருச்சு. அவுக ஊர்லயும் அப்படி ஏதாச்சும் இருக்குமோன்னு பாத்தேன்.”

“டிரங்க் ஆபீஸ்ல நாலரைன்னு சொன்னாகல்ல? அவுகளுக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரியப்போகுது? சும்மா கிடங்க.”

“அவுக சொன்னது புரட்டாசில.”

சொல்லிவிட்டு மில்லுக்குக் கிளம்பினார். நானும் பின்னாலேயே போனேன், மானத்தை வாங்கிவிடுவாரோ என்று. மதுரை கிடைத்ததும் இவர் கணக்கு எதுவும் பேசவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்.

“லண்டன்ல இப்ப மணி என்னன்னு விசாரிச்சுச் சொல்ல முடியுமா?”

மதுரைக்காரர் மெட்ராஸைக் கேட்டு, மெட்ராஸ்காரர் பம்பாயைக் கேட்டு, பதில் திரும்பி வரும்வரை மில் ஆபீஸில் உட்கார்ந்திருந்தோம். போன் மணி அடித்தபோது சுவர்க் கடிகாரத்தில் நாலு. லண்டனில் பதினொன்றரை இருக்க வேண்டும். பத்தரை என்றார்கள். கோடை முழுக்க அங்கே கடிகாரத்தை ஒரு மணி முன்னால் வைத்திருப்பார்களாம். நேற்று ஞாயிற்றுக்கிழமை விடியலோடு அதைப் பின்னுக்குத் திருப்பிவிட்டார்களாம். இனிமேல் பங்குனி வரைக்கும் வித்தியாசம் ஐந்தரை மணி.

இரண்டரைக்குக் கூப்பிட்டிருந்தால் அங்கே மணி ஒன்பது. அந்த மனிதர் வந்திருக்கவே மாட்டார். ஆள் இல்லை என்று சொல்லியிருப்பார்கள். மறுபடி லைன் கிடைப்பதற்குள் அவருடைய பத்து மணி வந்து, போயிருக்கும். சொன்ன நேரத்துக்குக் கூப்பிடத் தெரியாதவன் சொன்ன சரக்கை எப்படி அனுப்புவான் என்றுதானே நினைத்திருப்பார். இவர் ஒன்றும் பெரிதாகக் காட்டிக்கொள்ளவில்லை. பதிவை மூன்றரைக்கு மாற்றச் சொன்னார். மாற்றிவிட்டார்கள்.

அங்கேதான் அடுத்த வம்பு. பக்கத்து மேசையிலிருந்து மானேஜர் எழுந்து வந்தார். தினமும் மூன்று மணியிலிருந்து நாலு மணி வரைக்கும் கோயம்புத்தூரிலிருந்து பஞ்சு விலை வரும், அந்த நேரத்தில் போனைத் தர முடியாது என்றார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது, மில்லின் பிழைப்பே அதில் இருந்தது. போஸ்டாபீஸில் ஒரு போன் உண்டு. ஆனால் கூட்டத்தின் இரைச்சலில் பக்கத்து ஊர்க் குரலே கேட்காது, கடல் தாண்டி வருகிற குரல் எங்கே கேட்கப் போகிறது என்று போஸ்ட்மாஸ்டரே கையை விரித்தார்.

வீடு வரும் வழியில் சொன்னேன். “ஒரு தந்தி அடிச்சு, ஒம்போது மணிக்கு வரச் சொல்லிருவோம். மில்லுலயே ரெண்டரைக்குப் பேசிரலாம். முதலாளிதான, ஒரு நாளு சீக்கிரம் வந்தா என்ன?”

“வேண்டாம்.”

“ஏன் வேண்டாம்?”

“நீங்க எதுவும் செய்ய வேண்டாம்னு எழுதிருக்கோம். அவர் அத நம்பி ஒத்தச் சொல்லுல முடிச்சுட்டாரு. இப்ப அவர விடியக்காலைல எந்திரிச்சு ஓடிவரச் சொல்றதா? நம்ம ஊர்ல போன் இல்லாதது அவர் குத்தமா?”

“அப்ப எங்கன போய்ப் பேசப் போறீக?”

நடந்துகொண்டே இருந்தவர், “கம்பத்துல” என்றார்.

கம்பத்தில் போன் இருந்தது அண்ணன் மண்டியில். நான் தெருவிலேயே நின்றுவிட்டேன். பேச்சு நல்லபடியாக முடியாவிட்டால் எந்த இடத்துக்குத் தலையைக் குனிந்துகொண்டு போக வேண்டுமோ, அந்த இடத்துக்கே போய், அவர்கள் எல்லோரும் பார்க்க அந்தப் பேச்சைப் பேசுவதா? காய் பிடிக்கவில்லை என்று அந்த லண்டன்காரர் சொன்னால், எழுந்து தேனிக்குக்கூட வர வேண்டாம், அங்கேயே உட்கார்ந்துவிட வேண்டியதுதான். இதையெல்லாம் நடுத்தெருவில் சத்தமாகவே சொன்னேன். போகிறவர் வருகிறவரெல்லாம் பார்த்தார்கள். இவர் என் பேச்சு ஓய்கிறவரைக்கும் பொறுமையாக நின்றார்.

“நீ சொல்றது அம்புட்டும் சரிதான். ஆனா அது நம்ம கஷ்டம். அவர் கஷ்டமில்ல” என்றார்.

மறுநாள் மில்லுக்குப் போய், பதிவைக் கம்பம் மண்டி நம்பருக்கு மாற்றச் சொல்லிவிட்டு வந்தார். வியாழக்கிழமை காலை பஸ்ஸில் கிளம்பினோம். உத்தமபாளையம் தாண்டியதும் வயலெல்லாம் தண்ணீர் நிறைந்து நின்றது. மழைச் சேற்றில் பஸ் இரண்டு இடத்தில் மாட்டிக்கொண்டது. இவர் மட்டும் வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தார். பகல் ஒரு மணிக்கே போய் இறங்கிவிட்டோம். இப்படி ஏதாவது நடக்கும் என்றுதான் விடிந்ததும் கிளம்பச் சொல்லியிருக்கிறார்.

அண்ணன் கல்லாவில் இருந்தார். கனத்த உடம்பு, பேச்சு குறைவு. இவர் விஷயத்தைச் சொன்னார். அண்ணன் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. “பேசு” என்று மட்டும் சொன்னார். காப்பி வரவழைத்தார். போன் உள்ளறையில் இருந்தது. அதற்குப் பக்கத்தில் புதிதாக ஒரு தேக்கு மேசை, வார்னிஷ் வாசனைகூடப் போகவில்லை. பூட்டும் சாவியும் வைத்த இழுப்பறை, எதிரே ஒரு நாற்காலி. அதில் யாரும் உட்கார்ந்த அடையாளமே இல்லை. மண்டிக் கணக்கப்பிள்ளை என் காதோடு சொன்னார்.

“தம்பி தைக்குத் திரும்பி வந்துருவாகன்னு முதலாளி போன மாசமே செய்யச் சொல்லிட்டாக.”

உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. தோற்பதற்கு முன்பே மேசை செய்து வைத்திருக்கிறார்களே என்று. பேச வேண்டியவள் நான். கோபத்தில் நாக்கு புரளாமல் போய்விடுமோ என்று பயந்து இரண்டு தம்ளர் தண்ணீர் குடித்தேன். வேறு இடம் இல்லாமல் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்தேன். இவர் என் பக்கத்தில் நின்றார். அண்ணன் வாசல் நிலையில் சாய்ந்துகொண்டார்.

மூன்றரைக்குச் சற்று முன்னால் மதுரை கூப்பிட்டது. பிறகு மெட்ராஸ். பிறகு பம்பாய். அப்புறம் ஏதோ ஆற்றங்கரையில் நிற்பது போல ஒரு இரைச்சல். அதற்குள்ளிருந்து ஒரு வயதான குரல் காலை வணக்கம் சொன்னது. பெண் குரலை அவர் எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது, ஒரு கணம் தயங்கினார். நான் யார் என்று சொல்லி, பக்கத்தில் என் கணவர் நிற்கிறார் என்றேன். மழைக்காலத்தில் காயை எப்படி உலர்த்துகிறீர்கள், மாதிரியில் இருந்த பச்சை நிறம் சரக்கு முழுக்க இருக்குமா என்று கேட்டார். இவர் மெதுவாகச் சொல்லச் சொல்ல நான் இங்கிலீஷில் சொன்னேன். நடுவில் குரல் தேய்ந்து மறையும், திரும்ப வரும். மூன்று நிமிஷம் முடியப்போகிறது என்று பம்பாய் எச்சரித்தது.

அப்போது லண்டன்காரர் ஒன்று சொன்னார். ஒவ்வொரு வருஷமும் எங்கள் கடிகாரம் மாறுகிற வாரத்தில் கிழக்கிலிருந்து கூப்பிடுகிறவர்கள் ஒரு மணி முன்னதாகவே கூப்பிட்டுவிடுவார்கள், ஆபீஸ் காவல்காரர்தான் பதில் சொல்வார். இன்றைக்கும் அப்படித்தான் ஆகும் என்று நினைத்திருந்தேன். நீங்கள் பத்து என்று எழுதினீர்கள், பத்துக்கு மணி அடித்தது. இதைக் கவனிக்கிறவர்கள் மூட்டையையும் கவனிப்பார்கள். முதல் சரக்கை அனுப்புங்கள், இன்றைக்கே எழுதுகிறேன்.

லைன் அறுந்தது. நான் அப்படியே இவரிடம் சொன்னேன், ஒரு சொல் விடாமல். இவர் கண் கலங்கிவிட்டது. துண்டால் முகத்தைத் துடைப்பதுபோலத் துடைத்துக்கொண்டார்.

“என்ன சொன்னான்?” என்று அண்ணன் வாசலில் இருந்தே கேட்டார்.

“எடுத்துக்கிறேன்னு சொல்லிட்டாக அண்ணே.”

அண்ணன் தெருப்பக்கம் திரும்பி, மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த ஆட்களைக் கூப்பிட்டார்.

“ஏலே, உள்ள இருக்க மேசைய எடுத்து தேனி லாரில ஏத்துங்க. நாற்காலியையும் சேத்து ஏத்துங்க.”

“அண்ணே, அது எதுக்கு?” என்றார் இவர்.

“உனக்குன்னு செஞ்சது. உன் கடை எங்கன இருக்கோ அங்கன கிடக்கட்டும்.”

ஆட்கள் உள்ளே வந்துவிட்டார்கள். நான் அவசரமாக நாற்காலியை விட்டு எழுந்து சுவரோரம் ஒதுங்கினேன். தம்பி பெண்டாட்டியோடு நேருக்கு நேர் பேசுகிற வழக்கம் எங்கள் வீடுகளில் கிடையாது. எதுவானாலும் இன்னொருவர் வழியாகத்தான் சொல்லுவார்கள். நான் வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. அன்றைக்கு மேசை வாசலைத் தாண்டிய பிறகு, அவர் என் பக்கம் திரும்பினார்.

“நின்னுக்கிட்டு டைப் அடிக்க முடியுமா தாயி” என்றார்.